ஒரே ஸ்டோருக்கு மூன்று தாள்: திருகோணமலையில் ஒரு ஸ்பிரிங்க்ளர் கணக்கு

திருகோணமலை கண்டி வீதியில், ஆண்டாங்குளம் பக்கம், ஒருவர் புதிதாக ஸ்டோர் கட்டியிருக்கிறார். 50 மீற்றர் நீளம், 24 மீற்றர் அகலம், மேலே தகரக் கூரை. உள்ளே பிளாஸ்டிக் வாளி, கூடை, கதிரை. எல்லாம் அட்டைப்பெட்டிகளில், தரையிலேயே 4 மீற்றர் உயரத்துக்கு அடுக்கப்படும். தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் போட மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டிருந்தார். மூவரும் ஆளுக்கொரு பக்கத்தில் நீரியல் கணக்கின் சுருக்கத்தைக் கொடுத்திருந்தார்கள். மூன்றையும் என் முன்னால் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டார்:

"மூன்று பேரும் ஸ்பிரிங்க்ளர்தானே போடப்போறாங்கள், தம்பி? பிறகு ஏன் ஒருத்தற்ற பம்ப் வீட்டுக் கிணத்து மோட்டர் மாதிரியும் மற்றவற்ற பம்ப் லொறி எஞ்சின் மாதிரியும் கிடக்கு?"

கேள்வி நியாயமானது. தாள்களில் இருந்ததை அப்படியே தருகிறேன். ஈஎன் 12845 ஐரோப்பிய ஸ்பிரிங்க்ளர் விதிமுறை, என்எஃப்பிஏ 13 அமெரிக்க விதிமுறை. தலை என்பது தண்ணீர் கொட்டும் முனை. கே எண் கூடினால் அதே அழுத்தத்தில் அது கூடத் தண்ணீர் விடும்.

| | முதல் தாள் | இரண்டாம் தாள் | மூன்றாம் தாள் |
|---|---|---|---|
| விதிமுறை | ஈஎன் 12845 | ஈஎன் 12845 | என்எஃப்பிஏ 13 |
| ஆபத்து வகுப்பு | ஓஎச்3 | எச்எச்எஸ், பொருள் வகை 3 | ஈஎஸ்எஃப்ஆர், கே-200 |
| வடிவமைப்பு அளவு | 5 மி.மீ./நிமிடம், 216 ச.மீ. | 12.5 மி.மீ./நிமிடம், 260 ச.மீ. | 12 தலைகள், தலைக்கு 3.45 பார் |
| பம்ப் | 1,080 லீற்றர்/நிமிடம், 3.3 பார் | 3,800 லீற்றர்/நிமிடம், 4.6 பார் | 5,700 லீற்றர்/நிமிடம், 7 பார் |
| தண்ணீர்த் தாங்கி | 65 கன மீற்றர் | 337 கன மீற்றர் | 342 கன மீற்றர் |

எல்லாரும் கண்ணை முதலில் ஓட்டுவது பம்ப் வரிக்குத்தான், விலை அங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த வரி தானாக வந்ததல்ல. மேலே இருக்கும் ஆபத்து வகுப்பு அடர்த்தியைத் தீர்மானிக்கிறது. அடர்த்தி என்பது ஒரு சதுர மீற்றரில் நிமிடத்துக்கு எத்தனை மி.மீ., அதாவது எத்தனை லீற்றர், தண்ணீர் விழ வேண்டும் என்பது. அடர்த்தியும் ஒரே நேரத்தில் நனைய வேண்டிய பரப்பும் சேர்ந்து தண்ணீரைத் தீர்மானிக்கின்றன. தண்ணீரும் குழாயும் சேர்ந்து பம்பைத் தீர்மானிக்கின்றன. வகுப்பு பிழைத்தால் கீழே உள்ள கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

முதல் தாளுக்கு நடந்தது அதுதான். ஓஎச்3 என்பது சாதாரண ஆபத்து வகுப்பு. அதில் சாமான் அடுக்கவே கூடாது என்றில்லை, ஆனால் உயரத்துக்கு எல்லை உண்டு. எவ்வளவு கடுமையாக எரியும் என்பதை வைத்துப் பொருட்களை 1 முதல் 4 வரை வகை பிரிக்கிறார்கள். தரையில் அடுக்கும்போது வகை 1 பொருளை 4 மீற்றர் வரை வைக்கலாம். வகை 2 என்றால் 3 மீற்றர், வகை 3 என்றால் 2.1 மீற்றர், வகை 4 என்றால் 1.2 மீற்றர். வாளியும் கதிரையும் நுரையில்லாத பிளாஸ்டிக் என்பதால் பெட்டிக்குள் இருந்தாலும் வகை 3. ஆக இவர் அடுக்கப்போகும் உயரம் எல்லையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதோடு ஓஎச்3-இல் ஒரு அடுக்குத் தொகுதி 50 சதுர மீற்றருக்கு மேல் போகக்கூடாது, சுற்றிவர 2.4 மீற்றர் இடமும் விட வேண்டும். ஸ்டோர் காரர் யார்தான் அவ்வளவு இடத்தை வெறுமையாக விடுவார்?

அந்தத் தாளில் இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்தியது. 5-ஐ 216-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக 1,080. உண்மையாகக் கணக்குப் போட்டால் இப்படிச் சரியாக வராது. கடைசித் தலைக்குத் தேவையான அழுத்தம் கிடைக்க வேண்டுமென்றால் பம்புக்குக் கிட்ட இருக்கும் தலைகளில் அழுத்தம் அதைவிடக் கூடத்தான் இருக்கும். அழுத்தம் கூடினால் அவை தண்ணீரைக் கூடக் கொட்டும். அதனால் மொத்த ஓட்டம் பெருக்கல் தொகையைவிட எப்போதும் கொஞ்சம் அதிகம், பத்துப் பதினைந்து வீதம் கூடுவது வழக்கம். பெருக்கல் தொகையே பம்ப் வரியிலும் இருந்தால் குழாய்க் கணக்கை ஒருவரும் போடவில்லை என்று அர்த்தம். தாளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளர் வேண்டியதில்லை, கல்குலேட்டர் போதும்.

இரண்டாம் தாள் எச்எச்எஸ் என்ற, களஞ்சியத்துக்கு என்றே உள்ள உயர் ஆபத்து வகுப்பில் போகிறது. விதிமுறையின் அட்டவணையில் வகை 3 பொருளைத் தரையில் 4.1 மீற்றர் வரை அடுக்க 12.5 மி.மீ./நிமிடம் வேண்டும். 4 மீற்றருக்கு அது பொருந்தும். ஒரு தலை 9 சதுர மீற்றரைப் பார்த்துக்கொள்கிறது. அதைக் கையால் சரிபார்த்தேன்:

```
Q = 12.5 × 9 = 112.5 L/min
P = (Q / K)² = (112.5 / 115)² = 0.96 bar
```

கே-115 தலைக்கு ஏறக்குறைய ஒரு பார். கே-80 போட்டிருந்தால் அதே தண்ணீருக்கு 2 பார் கேட்கும். இந்த அடர்த்திக்கு விதிமுறையும் கே-80-ஐ ஏற்காது. ஆக கடைசித் தலையில் 0.96 பார், கிளைக் குழாய்களில் இழப்பு 1.3, பிரதான குழாயும் அலாரம் வால்வும் சேர்ந்து 1.0, உயரத்துக்கு 0.8. கூட்டினால் 4.06 பார். பம்பைத் தயாரிப்பாளரின் சோதனைத் தளத்தில் பார்க்கும்போது தேவையைவிடக் குறைந்தது 0.5 பார் கூடக் காட்ட வேண்டும் என்று விதி சொல்வதால் 4.56, அதை 4.6 என்று எழுதியிருக்கிறார்கள். ஓட்டம் 3,740 வந்திருக்கிறது. வெறும் பெருக்கல் என்றால் 3,250 தான், ஆக இவர் உண்மையாகவே கணக்குப் போட்டிருக்கிறார்.

குழாய் இழப்பை மட்டும் தனியாகப் பார்த்தேன். குழாயின் உட்சுவர் எவ்வளவு வழுவழுப்பு என்பதைக் காட்டுவது சி எண். இவர் உருக்குக் குழாய்க்கு அதை 120 என்று எடுத்திருக்கிறார், எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் ஈரக் குழாய் அமைப்புக்கு அது வழக்கமான எண். ஆனால் உள்ளே துரு பிடித்து அது 100-க்கு இறங்கினால் இழப்பு 40 வீதம் கூடும். 2.3 பார் இழப்பு 3.2 ஆகிவிடும். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று அயலில் சொன்னார்கள். அதனால் தாங்கியை நகரக் குழாய்த் தண்ணீரால் நிரப்பச் சொன்னேன். 

இந்தத் தாளிலும் பிழை உண்டு. தாங்கியை 3,740 × 90 நிமிடம் என்று 337 கன மீற்றருக்குப் போட்டிருக்கிறார். 3,740 என்பது பம்பிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள மூலையின் தேவை. தீ அங்கேதான் பிடிக்கும் என்று யார் சொன்னது? பம்புக்குக் கிட்ட உள்ள பகுதியில் பிடித்தால் குழாய் இழப்பு குறைவு. பம்பின் வளைகோடும் அந்தப் பகுதியின் தேவைக் கோடும் இன்னும் வலப்பக்கம் தள்ளியே சந்திக்கும், அதாவது பம்ப் இன்னும் கூடத் தண்ணீர் தள்ளும். இங்கே அது ஏறக்குறைய 4,200 லீற்றர். 90 நிமிடத்துக்கு 378 கன மீற்றர். தாங்கியை இந்த எண்ணுக்குத்தான் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் 80 நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும்.

மூன்றாம் தாளைப் போட்டவர் கெட்டிக்காரர்தான், குறை கணக்கில் இல்லை. ஈஎஸ்எஃப்ஆர் தலைகள் தீயைப் பரவாமல் பிடித்து வைப்பதோடு நிற்பதில்லை. தொடக்கத்திலேயே பெரிய துளிகளை வேகமாக இறக்கி அடக்கிவிடப் பார்க்கின்றன. அதனால்தான் பரப்பு பேசாமல் 12 தலைகள் என்று கணக்கிடுகிறார்கள். தலைக்கு 3.45 பாரில் 375 லீற்றர், பன்னிரண்டுக்கு 4,500, குழாய்க் கணக்கில் அது 4,750 ஆகிறது. அதோடு தீயணைப்புப் படையின் குழாய்க்கு 950 லீற்றர் சேர்த்து 5,700. இரண்டாம் தாளில் இந்த 950 இல்லை, ஆகவே பம்புகளை ஒப்பிடும்போது 3,800-ஐ 4,750-உடன்தான் வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் வித்தியாசம் தாளில் தெரிவது போல அவ்வளவு பெரிதில்லை. ஆனால் அழுத்தம் பெரிதுதான். மோட்டார் என்று பார்த்தால் இரண்டாம் தாளுக்கு 45 கிலோவாட் அளவிலும் மூன்றாவதுக்கு 95 அளவிலும் வரும்.

அந்தக் கூடுதல் செலவுக்கு என்ன கிடைக்கிறது? உயரம். 9.1 மீற்றர் கூரைக்குக் கீழே, இடையில் ராக்குக்குள் தலைகள் இல்லாமல், 7.6 மீற்றர் வரை அடுக்கலாம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டோர் கட்டுபவருக்கு அது தங்கம். இவருடைய ஸ்டோருக்கோ ஓரத்தில் உயரம் 5.4 மீற்றர்தான். அவர் 4 மீற்றருக்கு மேல் அடுக்கப்போவதும் இல்லை.

அதைவிடப் பெரிய தடை கூரைச் சாய்வு. ஈஎஸ்எஃப்ஆர் தலைகளை 12-க்கு 2 என்ற சாய்வுக்கு மேல் உள்ள கூரைக்குக் கீழே போடக்கூடாது. சாய்வு கூடினால் சூடான புகை மேட்டுப் பக்கம் ஓடி, தீக்கு நேர் மேலே உள்ள தலை பிந்தி, வேறெங்கோ உள்ள தலை முந்தித் திறந்துவிடும். இந்தக் கூரை 12 பாகை, 12-க்கு இரண்டரைக்குச் சற்று மேல். மழைத் தண்ணீர் வழிய வேண்டுமென்று நம் பக்கத்தில் தகரக் கூரையை இப்படித்தான் சாய்ப்பார்கள். தட்டையாக உட்கூரை அடித்தால் மட்டும் மூன்றாம் தாள் செல்லும். அந்தச் செலவு எந்தத் தாளிலும் இல்லை.

சாய்வு இரண்டாம் தாளையும் சும்மா விடவில்லை. சாமான் உச்சிக்கும் கூரைத் தலைக்கும் இடையில் 4 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் விதி. நடு முகட்டில் தலை 7.7 மீற்றரில் வருகிறது, இடைவெளி 3.7. தப்பியது. ஆனால் முகட்டுக்குக் கீழே 3 மீற்றர் மட்டும் அடுக்கினால் இடைவெளி 4.7 ஆகுமே, பரவாயில்லையா என்று கேட்டால், விதி பேசுவது அனுமதித்த உச்ச உயரத்தைப் பற்றி, அன்றைக்கு உள்ளே கிடக்கும் சாமானைப் பற்றியல்ல.

சின்ன விஷயம் ஒன்று, மூன்று தாளிலும் விட்டுப்போனது. தலையின் வெப்ப அளவு, இருக்கும் இடத்தின் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 30 பாகை கூட இருக்க வேண்டும். நடுப்பகலில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஏணி வைத்து ஏறி அளந்தேன், 51 காட்டியது. தலையை அடைத்திருக்கும் கண்ணாடிக் குமிழி சிவப்பென்றால் 68-இல் உடையும், அது போதாது. 93 பாகையில் உடையும் பச்சைக் குமிழிதான் சரி.

அப்புறம் ஸ்டோர் காரரிடம் சொன்னேன்: முதல் தாள் வேண்டுமென்றால் பெட்டிகளை 2.1 மீற்றருக்கு இறக்கி, 50 சதுர மீற்றர் தொகுதிகளாகப் பிரித்து வையுங்கள், அவரிடம் குழாய்க் கணக்கையும் திரும்பக் கேளுங்கள். இல்லையென்றால் இரண்டாம் தாளை எடுத்து, தாங்கியை 378 ஆக்குங்கள். அவர் ஸ்டோரில் பாதி இடத்தை இழக்க விரும்பவில்லை. இரண்டாவதையே எடுத்தார். தூண்களில் 4 மீற்றரில் சிவப்புக் கோடு போடச் சம்மதித்தார்.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, "தம்பி, இதே இடத்தில பஞ்சு மெத்தையும் வைக்கலாம்தானே?" என்றார். எந்தப் பஞ்சு என்று கேட்டேன். நுரைப் பஞ்சுதானாம். அது வகை 4. 12.5 மி.மீ. அடர்த்தியில் அதை 2.3 மீற்றருக்கு மேல் அடுக்க முடியாது. 4 மீற்றருக்கு அடுக்க வேண்டுமென்றால் 27.5 வேண்டும். அதாவது இன்னொரு பம்ப், இன்னொரு தாங்கி. இரண்டாவது சிவப்புக் கோட்டை 2.3-இல் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.