ஸ்மார்ட் பல்பும் 2.4 வைஃபையும்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

ஸ்மார்ட் பல்பை வீட்டு வைஃபையில் இணைக்கும்போது நிறையப் பேர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். ஆப்பில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பல்பு படபடவென்று மின்னிக்கொண்டே இருக்கும், கடைசியில் இணைக்க முடியவில்லை என்று வரும். உடனே பல்பு டூப்ளிகேட் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் பல்பில் கோளாறே இருக்காது.

இப்போது வீடுகளில் இருக்கும் நிறைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு வைஃபை விடுகின்றன, பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். போன் பக்கத்தில் இருந்தால் வேகமான 5-ல் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான பல்புகளுக்குள் இருக்கும் சின்ன சிப்புக்கோ 2.4 மட்டும்தான் தெரியும், 5 என்று ஒன்று இருப்பதே அதற்குக் கேட்காது. விலை குறைவு என்பதால் அந்தச் சிப்பைப் போடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை, ஏனென்றால் 'எரி', 'அணை' என்ற தகவலுக்கு வேகம் எதற்கு?

இணைக்கும் நேரத்தில் நடப்பது சுவாரசியமானது. பல்புக்கு நம் வைஃபை பாஸ்வேர்டு தெரியாது, அதனால் காற்றில் போகும் தகவலைப் பிரித்துப் படிக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீளம் என்பதை மட்டும் கவனிக்க முடியும். ஆப் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த நீளங்களாகவே மாற்றி அனுப்புகிறது. பல்பு வேகமாக மின்னும்போது இதைத்தான் காது கொடுத்துக் கேட்கிறது. போன் 5-ல் பேசினால் அது நேரடியாகப் பல்பின் காதில் விழாது. ரவுட்டர் அதை 2.4 பக்கமும் திருப்பி விட்டால் உண்டு, அதை நம்பி உட்கார முடியாது.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், அகலம் குறைவு, அறைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இருக்கும். ரவுட்டர் வாசல் பக்கம். ஹாலில் பல்பு, கடைசி அறையில் சாயங்காலமானால் கொசு மிஷினைத் தானாகப் போட ஒரு ஸ்மார்ட் பிளக். அந்த அறையில் போனிலேயே 5 வராது, நடுவில் தடித்த செங்கல் சுவர்கள். 2.4 அங்கேயும் எட்டுகிறது, அலை நீளம் அதிகம் என்பதால் சுவரைத் தாண்டும்போது அவ்வளவாகத் தேய்வதில்லை. அதனால் அந்தப் பிளக் 5-ஐப் பிடிக்கும் வகையாக இருந்திருந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது.

நான் செய்தது இதுதான். ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குப் போய், இரண்டு வைஃபையையும் ஒரே பெயரில் சேர்த்து வைக்கும் Smart Connect என்பதை அணைத்தேன் (சில ரவுட்டரில் Band Steering என்று இருக்கும்). 2.4-க்குப் பழைய பெயரையே விட்டுவிட்டு, 5-க்கு மட்டும் பின்னால் ஒரு _5G சேர்த்தேன். பாதுகாப்பு முறை WPA3 மட்டும் என்று இருந்தால் WPA2-க்கு மாற்றுங்கள், பழைய சிப்புகள் WPA3-இல் சேராது. அப்புறம் போனை 2.4-இல் இணைத்து, ஆப் கேட்கும் லொகேஷன் அனுமதியைக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டில் அது இல்லாமல் வைஃபை பெயரை ஆப்பால் படிக்க முடியாது. பல்பு உடனே சேர்ந்துவிட்டது.

பிளக் அடம்பிடித்தது. அதற்கு இன்னொரு வழி இருக்கிறது: பட்டனை அழுத்திப் பிடித்து மெதுவாக மின்னும் நிலைக்குக் கொண்டுவந்தால் பிளக்கே சொந்தமாக ஒரு ஹாட்ஸ்பாட் விடும், போனை அதில் சேர்த்தால் ஆப் நேரடியாகவே விவரத்தைக் கொடுத்துவிடும். இங்கே மொபைல் டேட்டாவை அணைத்து வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் அந்த ஹாட்ஸ்பாட்டில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாக நழுவிவிடும். ஆப்பில் கொடுக்கும் வைஃபை பெயர் 2.4-இன் பெயராகவே இருக்க வேண்டும். புது மாடல்கள் சில புளூடூத் வழியாக இந்த வேலையை முடித்துக்கொள்கின்றன, ஆனாலும் கடைசியில் போய்ச் சேர வேண்டியது அதே 2.4-தான்.

ஒருமுறை இணைந்துவிட்டால் போன் 5-லோ மொபைல் டேட்டாவிலோ இருக்கலாம், ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் இது தெரியாமல் போனை எப்போதும் 2.4-லேயே வைத்துக் கஷ்டப்படுகிறார்கள்.

இத்தனை நாளில் தொந்தரவு தந்தது கரண்ட் கட்தான். நடுராத்திரி கரண்ட் திரும்பியதும் அணைத்து வைத்த பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து வீட்டையே எழுப்பும். ஆப்பில் கரண்ட் வந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்ற செட்டிங்கை, முன்பு இருந்த நிலைக்கே போகும்படி மாற்றிவிட்டேன். அதே மாதிரி சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப்பில் பல்பு ஆஃப்லைன் என்றுதான் காட்டும், வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

நடுவில் இன்டர்நெட் கம்பெனியை மாற்றினேன், ரவுட்டரும் மாறியது. புது ரவுட்டரின் 2.4-க்குப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் வைத்தேன். பல்பும் பிளக்கும் தாங்களாகவே வந்து ஒட்டிக்கொண்டன, ஆப்பைத் தொடவே இல்லை.