எண்ணைப் பார்த்து ஜெர்மன் நிறுவனம் என்று நம்பினேன். 4,35,000 ரூபாய் போய்விட்டது

ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் காப்பியை நாங்களே வறுத்து விற்கலாம் என எண்ணி, இணைய வணிகத் தளம் ஒன்றில் கண்ட "ஜெர்மன்" வறுப்பு இயந்திரத்துக்கு 4,35,000 ரூபாயை முன்பணமாக அனுப்பினேன். இரண்டு மாதமாகியும் இயந்திரம் வரவில்லை.

நான் கண்மூடித்தனமாக அனுப்பிவிடவில்லை. சேலம் ஐந்து ரோட்டிலுள்ள முகவர், விலைப்பட்டியலில் இருந்த, நிறுவனங்களை உலக அளவில் அடையாளம் காட்டும் 20 இலக்க எல்இஐ எண்ணைச் சுட்டிக்காட்டி, "அண்ணே, 5299 என்று தொடங்குகிறது பாருங்கள், ஜெர்மனி எண்" என்றார். நம் நாட்டு நிறுவன எண்ணில் TZ என்ற எழுத்துகளைக் கண்டால் கோவைப் பதிவாளர் அலுவலகத்தின் கீழ் வருவது என்று புரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. சேலமும் அதில்தான் அடங்கும். அந்தப் பழக்கத்தாலேயே அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அந்த நொடியில்தான் நான் விழுந்தேன்.

உண்மையில், எல்இஐ எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் அந்த எண்ணை முதலில் வழங்கிய அமைப்பைக் குறிக்கின்றனவே தவிர, நிறுவனத்தின் நாட்டைக் குறிப்பதில்லை. 5299 ஒரு ஜெர்மன் வழங்குநருடையது என்பது சரிதான். ஆனால் அந்த வழங்குநரிடம் வேறு நாட்டு நிறுவனமும் எண் வாங்கலாம், பின்னர் வேறு வழங்குநருக்கு மாறினாலும் எண் அப்படியே இருக்கும். நேற்று search.gleif.org தளத்தில் கட்டணமின்றித் தேடியபோது, எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது என்ற இடத்தில் HK, அதாவது ஹாங்காங், என்றிருந்தது. பதிவு நிலை LAPSED; நிறுவனம் மூடப்பட்டது என்பதல்ல இதன் பொருள், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய புதுப்பித்தலைச் செய்யவில்லை என்பதே.

பட்டியலிலிருந்த பதிவு எண்ணும் அப்போதே என்னை எச்சரித்திருக்க வேண்டும். ஜெர்மன் நிறுவனமென்றால் HRB அல்லது HRA என்ற எழுத்துகளோடு, பதிவு செய்த நீதிமன்றத்தின் ஊரும் இருக்கும். ஒவ்வொரு நீதிமன்றமும் தனித்தனியே எண்ணிடுவதால் ஊர் இல்லாத எண்ணால் பயனில்லை. எனக்கு வந்ததோ வெறும் 8 இலக்கங்கள். ஹாங்காங் வணிகப் பதிவு எண்ணுக்கும் 8 இலக்கம், இங்கிலாந்து நிறுவன எண்ணுக்கும் 8 இலக்கம் என்பதால் அதை மட்டும் வைத்து நாட்டைச் சொல்லவே முடியாது.

பணம் சென்ற கணக்கும் ஹாங்காங்கில்தான். கேட்டதற்கு முகவர் "ஆசியக் கிளைக் கணக்கு" என்றார். இப்போது "நான் வெறும் தரகன்தானே" என்கிறார். வணிகத் தளமோ, விற்பவரின் எண் உண்மையானது என்று மூன்று முறை ஒரே பதிலை அனுப்பியது. எண் உண்மைதான் ஐயா, 4,35,000 ரூபாய் எங்கே?

எப்படிச் சரிபார்ப்பது என விரிவாக எழுதவே உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. தொடக்க இலக்கங்களை வைத்து நாட்டை ஊகிக்காதீர்கள். எல்இஐ பதிவைத் திறந்து, அதிலுள்ள நாட்டையும் பதிவு எண்ணையும் அந்த நாட்டுப் பதிவேட்டில் ஒப்பிடுங்கள். விற்பவர் தன் நாடு என்று சொன்னதில் அல்லாமல் வங்கிக் கணக்கு வேறு நாட்டில் இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். இணைய மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை மீண்டும் ஐந்து ரோட்டுக்குப் போகிறேன்.