அவளுக்கு விரதம், அவருக்கு மீன்குழம்பு: மூன்று ஏற்பாடுகள்

இருவரும் சைவ சமயத்தவர். ஆனால் மனைவி வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் தவறாதவள், கணவன் கொடியேற்றத்துக்கும் தேருக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிப்பவர். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இப்படி எத்தனையோ வீடுகள். ஏற்பாட்டைப் பேசும்முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, பிள்ளை தாயின் குடி, அதாவது அவளுடைய தாய்வழிக் குலம். கோயிலில் குடித் திருவிழாவும் குடிவரியும் தாய்வழியாகவே வரும். அதனால் மனைவி ஆசாரமானவள் என்றால் அவள் வழமை கேள்வியில்லாமல் வீட்டு வழமையாகிவிடும். ஆசாரமானவர் கணவன் என்றால், மாமியார் குசினியில் மச்சச் சட்டியை அவர் எப்படி நிறுத்துவது?

முதலாவது ஏற்பாடு, வீடு முழுக்க மரக்கறி. சமையல் சுலபம், ஒரே அடுப்பு. கோளாறு வெளியில்தான்: அவர் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டு வாய் கழுவிக்கொண்டு வருவார், பிள்ளைக்கு மணம் பிடிபடும். விரதத்தை ஒளித்து மீறும் பழக்கம் அங்கேதான் முளைக்கும்.

இரண்டாவது, அவரவர் பாடு. கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் விரதகாரியே உப்புப் பார்க்காமல் மீன் ஆக்க வேண்டிவரும். அவர் தானே ஆக்கி, சட்டியையும் அகப்பையையும் புறம்பாக வைத்துக் கழுவினால் மட்டும் இது நிற்கும்.

மூன்றாவது, நாளைப் பிரிப்பது. நான் இதன் பக்கம். சித்திரையில் பஞ்சாங்கத்தை வைத்து இருவரும் குறிக்க வேண்டும். ஐப்பசி வளர்பிறைப் பிரதமை முதல் சூரசம்ஹாரம் நடக்கும் சஷ்டி வரை ஆறு நாளும், மறுநாள் பாறணை முடியும்வரையும் வீட்டில் மச்சம் இல்லை. ஆனால் பட்டினி அவளுக்கு மட்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் கதவு திறந்து திருக்குளிர்த்தி முடியும்வரையும், குடித் திருவிழா நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமை அவளுடைய சொந்தக் கணக்கு. அன்று அவர் மீன் தின்ன விரும்பினால் வெளியில், ஒளிக்காமல்.

பிள்ளை விடயத்தில் ஏடு தொடக்கலுக்கும் காதுகுத்துக்கும் சண்டை வருவது குறைவு. பாடசாலையில் சமய பாடம் சாதாரண தரம் வரை கட்டாயம் என்பதால் அதிலும் தெரிவு கிடையாது. இழுபறி ஞாயிறு அறநெறி வகுப்பில் வரும், பத்தாம் தரத்தில் டியூஷன் அதே நேரத்துக்கு விழும்போது. எந்த வகுப்புவரை அனுப்புவது என்று பிள்ளை சேரும்போதே முடிவு செய்தால் பிறகு அம்மம்மாவோடு வாதாட வேண்டியதில்லை.

பெரிய சிக்கல் நேர்த்தி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் அம்மம்மா "மொட்டை போடுறன், காவடி எடுப்பிக்கிறன்" என்று வைத்துவிடுவார். காய்ச்சல் மாறியபின் மறுத்தால் தெய்வக்குற்றம் என்ற பயம் வீட்டில் குடியேறும், அடுத்த காய்ச்சல் எல்லாம் அதன் கணக்கில் எழுதப்படும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது இதுதான்: "அம்மா, நேர்த்தி வைக்கிறதெண்டா உங்கட பேரில வையுங்க. பிள்ளைட உடம்பால செய்யிறதெண்டா எங்க ரெண்டு பேரையும் கேளுங்க." அர்ச்சனை, பொங்கல், தேங்காய் உடைத்தல் அம்மம்மாவின் கையில், மொட்டையும் காவடியும் பெற்றோர் கையில். தீமிதிப்பை மட்டும் பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்வரை எவரும் நேரக்கூடாது.