ஒரு கிலோ இறால் பாக்கெட்டில் இறால் எவ்வளவு?

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மா இறால் தொக்கு வைத்தார். ஒரு கிலோ பாக்கெட், ஆறு பேருக்குத் தாராளமாகப் போதும் என்றுதான் கணக்கு. சட்டியில் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் மசாலா எல்லாம் தண்ணீரில் மிதந்தது. அது வற்றி முடிந்தபோது ஒவ்வொரு இறாலும் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுருண்டு கிடந்தது. "ஐஸைத்தான்டா காசு குடுத்து வாங்கியிருக்கே" என்றார் அம்மா.

அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் இங்கே சிங்கப்பூரில் பேரங்காடிக்குப் போய் அதே பாக்கெட்டில் இன்னொன்றும், பக்கத்தில் இருந்த விலை கூடிய பாக்கெட் ஒன்றும் வாங்கிவந்தேன். இரண்டுமே தோலுரித்த வனாமெய் இறால்தான். இரண்டிலும் அளவு 31/40 என்று போட்டிருந்தது. முதலாவது ஒரு கிலோ, 12 வெள்ளி 90 காசு. இரண்டாவது 500 கிராம், 8 வெள்ளி 50 காசு. விலைச்சீட்டை மட்டும் பார்த்தால் 100 கிராமுக்கு 1.29 வெள்ளி ஒரு பக்கம், 1.70 வெள்ளி இன்னொரு பக்கம். யாராக இருந்தாலும் முதலாவதைத்தான் எடுப்பார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஐஸ் பூச்சு என்பதே ஏமாற்று வேலை கிடையாது. ஃபிரீசரில் காற்று வறண்டது. பூச்சு இல்லாத இறாலிலிருந்து ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகிப்போகும், மேற்பரப்பு வெளுத்து நாராகும், கொழுப்பு சிக்குவாடை அடிக்கும். அதனால்தான் உறைந்த இறாலைக் குளிர்ந்த நீரில் சில நொடி முக்கியோ, மேலே நீரைத் தெளித்தோ ஒரு மெல்லிய ஐஸ் சட்டை போடுகிறார்கள். அதற்கு மொத்த எடையில் ஐந்து முதல் பத்து சதவீதம் இருந்தால் போதும். திரும்பத் திரும்ப முக்கினால் சட்டை கம்பளிக் கோட்டு ஆகிவிடும். தண்ணீருக்கு இறால் விலை கிடைப்பது அப்போதுதான்.

உண்மை எடையைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு சொல்லும் முறையையே வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டேன். முதலில் பையைக் கழித்து உள்ளே இருப்பதை மட்டும் உறைந்தபடியே நிறுத்தேன். அப்புறம் வடிதட்டில் கொட்டி, மெல்லிய குளிர்நீர்த் தாரையின் கீழ் கையால் புரட்டிக்கொண்டே இருந்தேன். விரலில் வழுவழுவென்ற ஐஸ் போய், இறாலின் சொரசொரப்பு தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். உள்ளே இறால் கல் மாதிரி உறைந்தே இருக்க வேண்டும். பிறகு தட்டைச் சாய்த்து இரண்டு நிமிடம் வடியவிட்டு, காகிதத்தால் ஒற்றி, மறுபடி நிறுக்க வேண்டும்.

இதில் தவறுவது ஒரே இடத்தில்தான். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் கிட்டத்தட்ட வெந்நீர் மாதிரி. அசந்தால் இறாலே இளகிச் சாறு வடிந்துவிடும், அதையும் ஐஸ் கணக்கில் சேர்த்துக் கடைக்காரரைத் திட்டுவோம். நான் குளிர்பெட்டியில் வைத்த தண்ணீரைத்தான் குவளையால் ஊற்றினேன்.

கிடைத்தது இது:

| | மலிவு பாக்கெட் | விலை கூடிய பாக்கெட் |
|---|---|---|
| ஐஸோடு | 1,004 கிராம் | 548 கிராம் |
| ஐஸ் போன பின் | 712 கிராம் | 503 கிராம் |
| ஐஸின் பங்கு | 29% | 8% |
| 100 கிராம் இறாலின் விலை | 1.81 வெள்ளி | 1.69 வெள்ளி |

மலிவானது மலிவாக இல்லை. சரி, பொய் எழுதியிருக்கிறார்களா என்று பையைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் கட்டைவிரல் அளவு எழுத்தில் "1 கிலோ". பின்பக்கம், முகவரிக்குக் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி "நிகர எடை 700 கிராம்". ஆக, உள்ளே இருந்தது சொன்னதைவிட 12 கிராம் கூடுதல்! நிகர எடை என்றால் ஐஸ் பூச்சு நீங்கலான எடை என்பதுதான் கோடெக்ஸ் வரையறையும். இரண்டாவது பையில் முன்பக்கம் போட்டிருந்த 500 கிராமே நிகர எடை, ஐஸ் அதற்கு மேல். இரண்டு பெரிய எண்களும் இரண்டு வெவ்வேறு பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தன, நான் இரண்டையும் ஒன்றாக நினைத்து வகுத்துவிட்டேன். கடையின் விலைச்சீட்டும் அப்படித்தான் வகுத்திருந்தது.

அளவு எண்ணிலும் ஒரு சங்கதி இருக்கிறது. 31/40 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 31 முதல் 40 இறால். மலிவு பாக்கெட்டில் எண்ணிப் பார்த்தால் 74 இறால். ஐஸோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பவுண்டுக்கு 33 வருகிறது, சரிதான். ஐஸைக் கழித்தால் 47. அதாவது உண்மையில் அது 41/50 இறால், ஐஸ் சட்டையில் ஒரு சைஸ் பெரியதாகத் தெரிந்திருக்கிறது. மற்றதில் 39 இறால். ஐஸ் போன பிறகும் பவுண்டுக்கு 35தான். சில நிறுவனங்கள் தோலுரிப்பதற்கு முன்னிருந்த அளவையே பையில் போடுவதும் உண்டு, அதனால் இதை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போக முடியாது. இன்னொன்று, பொடி இறாலுக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம், எனவே இயல்பாகவே ஐஸும் அதிகம் ஒட்டும். பொடி இறாலின் சதவீதத்தைப் பெரிய இறாலோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

தொக்கு தண்ணீரானதற்கு ஐஸ் பூச்சு மட்டும் காரணம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐஸ் போன இறாலில் இரண்டிலிருந்தும் 200 கிராம் எடுத்து, இரண்டு நிமிடம் வேகவைத்து வடித்தேன். மலிவானது 132 கிராமாகச் சுருங்கியது, மற்றது 158. மலிவானதன் பொருட்பட்டியலில் டிரைபாலிபாஸ்பேட் இருந்தது, எண் 451. இறால் தன் ஈரத்தை இழக்காமல் இருக்க அளவோடு சேர்ப்பதில் தவறில்லை. நீண்ட நேரம் அந்தக் கரைசலில் ஊறவைத்தால் இறால் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். கண்ணாடி மாதிரி மின்னும், தொட்டால் சோப்பு போல வழுக்கும். இந்தத் தண்ணீர் சதைக்குள் இருப்பதால் ஐஸ் கழுவும் சோதனையில் சிக்காது, சட்டியில்தான் வெளியே வரும். தட்டுக்கு வந்த இறாலைக் கணக்கிட்டால் 100 கிராம் 2.74 வெள்ளிக்கு எதிராக 2.14 வெள்ளி. என் தீர்ப்பு இதோடு முடிந்தது.

எடை விஷயத்தில் காசுதான் போகும். உருகி மறுபடி உறைந்ததில் வயிறும் சேர்ந்து போகலாம். இதை மீனில்தான் பார்த்தேன். வஞ்சிரம், இங்கே பாத்தாங் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு பை: ஒன்று காற்று உறிஞ்சி இறுக்கமாக ஒட்டியது, அதற்கு ஐஸ் பூச்சே தேவையில்லை, நிறுத்தால் நிறுத்தபடி. இன்னொன்று ஐஸ் பூசிய துண்டுகளைச் சாதாரணப் பையில் போட்டது, எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் வாங்கியது.

இரண்டாவதைக் கையில் எடுத்ததுமே ஏதோ சரியில்லை. துண்டுகள் தனித்தனியாக ஆடவில்லை, நான்கும் ஒரே கட்டி. பையின் ஒரு மூலையில், மூலையின் வடிவத்திலேயே, பழுப்புக் கலந்த சிவப்பு ஐஸ். அந்த மூலைதான் சாட்சி. ஐஸ் பூச்சு என்றால் துண்டைச் சுற்றிச் சீராக, நிறமில்லாமல் இருக்க வேண்டும். அது உருகி, மீனின் சாறோடு சேர்ந்து ஒழுகி, தாழ்வான இடத்தில் தேங்கி, அங்கேயே உறைந்திருக்கிறது. மேலே இருந்த துண்டுகளில் பூச்சே இல்லை.

ஆனால் கட்டியாக இருப்பதெல்லாம் குற்றம் இல்லை. பெட்டியில் வரும் முழு இறாலை ஆலையிலேயே தண்ணீரோடு பாளமாக உறையவைப்பார்கள். அதில் பார்க்க வேண்டியது பாளத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, சரிந்து வழிந்திருக்கிறதா என்பதைத்தான். பைக்குள் வெண்பனித் தூள் இருந்தால் ஃபிரீசரின் குளிர் ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள், முழுக்க உருகியது என்று அல்ல. மீனில் வெள்ளை வெள்ளையாக உலர்ந்த திட்டு இருந்தால் அது காய்ந்துபோனது; சப்பென்று இருக்கும், ஆபத்து இல்லை. தூளும் திட்டும் சேர்ந்து இருந்தால் பழைய சரக்கு என்று வைத்துவிடுவேன்.

இரண்டு பைகளிலிருந்தும் 300 கிராம் துண்டை எடுத்து, இரவு குளிர்பெட்டியில் வடிதட்டின் மேல் இளகவிட்டேன். காற்று உறிஞ்சிய பையில் இருந்ததற்குத் தட்டில் 11 கிராம் நீர், மற்றதற்கு 34. மெதுவாக உறையும்போது பெரிய ஐஸ் படிகங்கள் சதையைக் கிழித்துவிடும். பிடித்துவைக்க வேண்டிய சாறு எல்லாம் ஓடிவிடும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது, சதை இதழ் இதழாக விரிந்தது.

வஞ்சிரம், சூறை, கானாங்கெளுத்தி வகைகளில் இதைச் சும்மா விடக்கூடாது. வெதுவெதுப்பில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். மறுபடி உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது, பல நேரம் வாடையும் காட்டாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். குளிர்பெட்டிக்குள்ளேயே இளகி, குளிர் குறையாத மீனைத் திரும்ப உறையவைப்பது வேறு, அதில் ருசிதான் குறையும். அந்தக் கடைப் பையில் எது நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? குழம்பில் போடவில்லை.

படம் பிடித்து, ரசீதோடு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது, "வாங்கிட்டு நேரா வீட்டுக்குத்தான் போனீங்களா தம்பி?" நியாயமான கேள்விதான். பேரங்காடியில் உறைந்த பையை முதலில் எடுத்து, மற்ற சாமானுக்கு அரை மணி நேரம் சுற்றி, அப்புறம் பேருந்துக்குக் காத்திருந்து, வீட்டில் ஃபிரீசரில் போட்டால் நானே உருக்கி உறையவைத்தவன் ஆகிறேன். ஆனால் இது மின்தூக்கியில் ஏறினால் வீடு, ஐந்து நிமிடம்கூட ஆகாது. பையின் மூலையைக் காட்டினேன். அவர் ஃபிரீசரைத் திறந்து அதே மீனில் இன்னும் மூன்று பைகளை எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் அதே மூலையில் அதே சிவப்பு. பேசாமல் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றையும் தூக்கி ஓரமாக வைத்தார்.