சதுரங்க நிலையை எழுத்தில் சொல்வது: காய்ப் பட்டியலா, FEN வரியா, எழுத்துப் பலகையா?

படம் இல்லாமல் வெறும் எழுத்தில் ஒரு சதுரங்க நிலையைச் சொல்லி, அதன்மேல் நகர்வுகளை அலச வேண்டிய தேவை அடிக்கடி வருகிறது. இதற்குப் புழக்கத்தில் உள்ள வழிகள், கட்டங்களின் பெயரோடு எழுதும் காய்ப் பட்டியல், FEN எனப்படும் ஒற்றை வரி, எழுத்துகளால் வரையும் பலகை, ஆட்டத்தின் நகர்வுப் பட்டியல் ஆகியவை. எதில் எந்தப் பிழை நுழைகிறது, நுழைந்த பிழை கண்ணில் படுகிறதா என்ற கேள்வியை வைத்தே இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு நான்கே காய்கள் கொண்ட ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறேன்; 1895-இல் கிளாஸ்கோவில் வெளிச்சத்துக்கு வந்து, சாவேத்ரா நிலை என்று பெயர் பெற்றது அது.

வெள்ளை: ராஜா b6, சிப்பாய் c6.
கறுப்பு: ராஜா a1, யானை d5.
வெள்ளையின் முறை.

இதில் வெள்ளை வெல்லும் வழி இது:

```
1.c7 Rd6+ 2.Kb5 Rd5+ 3.Kb4 Rd4+ 4.Kb3 Rd3+
5.Kc2 Rd4 6.c8=R Ra4 7.Kb3
```

ஆறாவது நகர்வில் சிப்பாயை ராணியாக்கினால், கறுப்பு Rc4+ என்று யானையைப் பலி கொடுக்கும். ராணி அதை வெட்டியதும் a1-இல் நிற்கும் ராஜாவுக்கு நகர இடமிருக்காது, செக்கும் இருக்காது, ஆட்டம் ஸ்டேல்மேட்டில் முடிந்துவிடும். ஆகவேதான் வெள்ளை யானையைக் கேட்டு வாங்குகிறது. அடுத்து Ra8+ என்ற மிரட்டலைத் தடுக்கக் கறுப்பு Ra4 ஆட, வெள்ளை ராஜா b3-க்கு வந்து அந்த யானையையும் தாக்குகிறது, Rc1 என்ற செக்மேட்டையும் மிரட்டுகிறது.

இப்போது கறுப்பு ராஜாவை a1-க்குப் பதில் a2 என்று தவறி எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். b3 கட்டம் அந்த ராஜாவுக்கு அடுத்ததாகிவிடுவதால் நான்காவது நகர்வான Kb3 விதிக்கு ஒவ்வாததாகிறது. வெள்ளை Kc3 வழியாகத்தான் செல்ல முடியும். அதைவிட முக்கியமாக, c4-இல் வெட்டும் ராணி b3 வழியாக a2-க்குச் செக் கொடுப்பதால் ஸ்டேல்மேட்டே கிடையாது. யானையாக மாற்றும் அந்த நுட்பம் முழுவதும் தேவையற்றுப் போகிறது. ஒரே ஓர் எண் மாறியதால் அலசலின் மையமே கரைந்துவிடுகிறது என்றாலும், காய்களை எண்ணிப் பார்ப்பவருக்கு எண்ணிக்கை சரியாகவே இருக்கும்.

காய்ப் பட்டியலின் பலமும் பலவீனமும் இதுதான். வாசகர் பலகையை அடுக்க அதைவிட எளிய வழி இல்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கு எதையும் கணக்கிட வேண்டியதில்லை. ஆனால் காலியான கட்டங்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை என்பதால், ஒரு சிப்பாய் விடுபட்டாலும் பட்டியல் முழுமையானதைப் போலவே தோன்றும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்ற ஒரே வரிசையைக் கடைப்பிடித்து, சிப்பாய்களை a-யிலிருந்து h வரை எழுதி, இறுதியில் “வெள்ளைக்கு ஆறு சிப்பாய், கறுப்புக்கு ஐந்து” என்று மொத்தத்தையும் சேர்த்தால் விடுபட்ட காய் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இடம் மாறிய காய் அகப்படாது.

அதே நிலை FEN வரியில் இப்படி அமையும்:

```
8/8/1KP5/3r4/8/8/8/k7 w - - 0 1
```

எட்டாவது கிடைவரிசையில் தொடங்கி முதலாவதில் முடிகிறது. பெரிய எழுத்து வெள்ளை, சிறிய எழுத்து கறுப்பு, எண்கள் காலிக் கட்டங்கள். ஒவ்வொரு கிடைவரிசையின் கூட்டுத்தொகையும் எட்டாக வர வேண்டும் என்பதால், `1KP4` என்று எழுதினால் ஏழுதான் வருகிறது, பிழை உடனே தெரிகிறது. காலிக் கட்டங்களையும் சொல்லியாக வேண்டிய இந்தக் கட்டாயம் பட்டியலுக்கு இல்லாதது. ஆயினும் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. `2KP4` என்று எழுதினாலும் கூட்டுத்தொகை எட்டுதான்; ராஜாவும் சிப்பாயும் ஒவ்வொரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருப்பதை எந்தக் கணக்கும் காட்டிக்கொடுக்காது.

இதைவிடப் பரவலான பிழை, முதலாவது கிடைவரிசையிலிருந்து எழுதத் தொடங்குவது:

```
k7/8/8/8/3r4/1KP5/8/8 w - - 0 1
```

இலக்கணப்படி இதில் குறையே இல்லை. எந்த மென்பொருளும் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பலகை மேல்கீழாகத் திரும்பிவிட்டது. சிப்பாய் c3-இலும் யானை d4-இலும் நிற்கின்றன, வெள்ளை முதல் நகர்வில் யானையையே வெட்டிவிடலாம். ஒரு புகழ்பெற்ற நிலைக்கு எஞ்சின் இப்படி அற்பமான விடை சொன்னால், விடையைச் சந்தேகிக்கும் முன் உள்ளிட்ட வரியைச் சந்தேகிப்பதே முறை.

எழுத்துப் பலகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லா எழுத்துகளும் ஒரே அகலத்தில் வரும் எழுத்துருவில் அது கண்ணுக்கு இதமானது; வேறு எழுத்துருவுக்கு மாறினாலோ இடைவெளிகள் சுருங்கினாலோ நெடுவரிசைகள் சரிந்து, d-யில் நிற்கும் காய் c-யில் இருப்பதாகத் தோன்றும். யாருடைய முறை என்பதும் அதில் இல்லை.

அந்த முறைதான் பலர் எழுத மறப்பது. மேற்கண்ட நிலையில் கறுப்பின் முறை என்றால், Rd6 ஆடியவுடன் b6 ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் கட்டுண்டுவிடும். வெள்ளை என்ன ஆடினாலும் அடுத்து யானை சிப்பாயை வெட்டிவிடும் என்பதால் வெள்ளைக்கு வெற்றியே இல்லை. பட்டியலில் இதை நினைவாகச் சேர்க்க வேண்டும். FEN-இல் `w` அல்லது `b` இல்லாமல் வரியே முழுமை பெறாது. கோட்டை கட்டும் உரிமையும் அப்படியே. e1-இல் ராஜா, h1-இல் யானை என்ற பட்டியலைப் பார்த்து, அந்த யானை முன்பே g1-க்குப் போய்த் திரும்பிவிட்டதை ஒருவரும் ஊகிக்க முடியாது. FEN வரியில் இடைவெளிகளால் பிரிந்த பகுதிகளில் மூன்றாவது அதைச் சொல்லும், எழுதுபவர் `KQkq` என்ற தொடக்க மதிப்பை அப்படியே விட்டுவிடாத வரையில்.

ஆகவே மனிதர்கள் படிக்கும் அலசலுக்குப் பட்டியலையே முதன்மையாகவும், FEN வரியை அதன் அடியில் சாட்சியாகவும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு. இரண்டையும் பலகையைப் பார்த்துத் தனித்தனியே எழுத வேண்டும். பட்டியலைப் பார்த்து FEN எழுதினால் a2 என்ற தவறு இரண்டிலும் ஒன்றுபோலவே பதிந்துவிடும்; தனித்தனியே எழுதினால் ஒரே தவறு இரு வடிவிலும் நேர்வது அரிது. பிறகு FEN-ஐ ஏதேனும் ஒரு பலகையில் ஏற்றி, பட்டியலின் கட்டங்களை ஒவ்வொன்றாக அதோடு ஒத்துப் பார்த்தால் முரண் வெளிவரும்.

நிலை ஓர் உண்மையான ஆட்டத்திலிருந்து வந்தது என்றால் மட்டும், இவ்விரண்டையும்விட நகர்வுப் பட்டியல் மேலானது. உரிமைகளும் முறையும் அதிலிருந்து தாமாகவே கிடைக்கின்றன, நடுவில் ஒரு நகர்வைத் தவறாக எழுதினால் பெரும்பாலும் சில நகர்வுகளுக்குள் விதிக்கு ஒவ்வாத ஒன்று வந்து நின்றுவிடும். மேலும், ஒரே நிலை மூன்று முறை வந்ததா என்ற கேள்விக்கு நகர்வுகள்தான் விடை தர முடியும். FEN-இன் ஐந்தாவது பகுதி ஐம்பது நகர்வு விதிக்கான கணக்கை வைத்திருந்தாலும், முன்பு பலகையில் என்ன நிலை இருந்தது என்பதைச் சொல்வதில்லை. டிரா கோரிக்கை சரியா என்று அலசுபவர், நிலையை எத்தனை துல்லியமாக எழுதியிருந்தாலும், கடைசியாகச் சிப்பாய் நகர்ந்த அல்லது காய் வெட்டப்பட்ட இடத்திலிருந்து வந்த நகர்வுகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.