3,500 ரூபாய் கட்டி வாங்கிய ஓ.எஸ். நோட்ஸ்: ஃபைஃபோ அட்டவணையே தப்பு

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்க, ஒரு பயிற்சி மையத்தில் 3,500 ரூபாய் கட்டி ஓ.எஸ். நோட்ஸ் வாங்கினேன். எல்லாம் சின்னச் சின்ன அட்டவணைகள். அதை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டுதான் டெக்னிக்கல் ரவுண்டுக்குப் போனேன்.

அங்கே கேட்டது இந்தப் பேஜ் வரிசை: 1 2 3 4 1 2 5 1 2 3 4 5. மெமரியில் ஒரு பேஜ் உட்காரும் இடம்தான் ஃபிரேம். கேட்ட பேஜ் அங்கே இருந்தால் ஹிட், இல்லாவிட்டால் பேஜ் ஃபால்ட். முதலில் உள்ளே வந்த பேஜை முதலில் வெளியே அனுப்பும் ஃபைஃபோ முறையில் மூன்று ஃபிரேமுக்கு எத்தனை பேஜ் ஃபால்ட், நான்கு ஃபிரேமுக்கு எத்தனை? நோட்ஸில் இதே கணக்கு இருந்தது. யோசிக்காமல் 10, 8 என்றேன். இன்டர்வியூ எடுத்தவர் நான்கு ஃபிரேமுக்குப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். 5 வரும் இடத்தில் பேனாவை வைத்து, "ஏன் 3-ஐ வெளியே அனுப்புனீங்க? முதல்ல உள்ள வந்தது எது?" என்றார்.

"1 சார். ஆனா அதை இப்பத்தான் பயன்படுத்தினோம்."

"அப்ப இது எல்.ஆர்.யூ. ஆச்சே."

எல்.ஆர்.யூ. என்பது பயன்படுத்தி அதிக நேரமான பேஜை வெளியே அனுப்பும் முறை. நோட்ஸின் கோளாறு அங்கேதான். ஹிட் ஆன பேஜை வரிசையின் கடைசிக்கு நகர்த்தியிருக்கிறார்கள். ஃபைஃபோவில் ஹிட் ஆனால் வரிசை அசையவே கூடாது. உள்ளே வந்த நேரம் மட்டும்தான் கணக்கு. நான்கு ஃபிரேமில் 1, 2, 3, 4 நிரம்பி, அடுத்த 1, 2 இரண்டும் ஹிட் ஆன பிறகு நடப்பது இது:

| வரும் பேஜ் | நோட்ஸில் வெளியேறுவது | ஃபைஃபோவில் வெளியேற வேண்டியது |
|---|---|---|
| 5 | 3 | 1 |
| 1 | ஹிட் | 2 |
| 2 | ஹிட் | 3 |
| 3 | 4 | 4 |
| 4 | 5 | 5 |
| 5 | 1 | 1 |

முதல் நான்கு ஃபால்ட்டையும் சேர்த்தால் நோட்ஸ் கணக்கில் 8, சரியான கணக்கில் 10. மூன்று ஃபிரேமுக்குச் சரியான விடை 9. அதாவது ஃபிரேம் கூடியும் ஃபால்ட் கூடுகிறது. பெலாடி முரண் என்பது இதுதான். அதைக் காட்டவே இந்த வரிசையைக் கொடுக்கிறார்கள். எல்.ஆர்.யூ.வில் இது நடக்காது. மூன்று ஃபிரேமில் இருக்கும் பேஜ்கள் எல்லாம் நான்கு ஃபிரேமிலும் எப்போதும் இருக்கும். அதனால்தான் நோட்ஸில் 10, 8 என்று ஒழுங்காகக் குறைந்தது, எனக்கும் சந்தேகமே வரவில்லை. "ஃபிரேம் கூடினால் ஃபால்ட் குறையும்" என்று கீழே கட்டம் கட்டி வேறு போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மற்ற பக்கங்களையும் பார்த்தேன். வந்திருக்கும் வேலைகளில் சின்னதை முதலில் ஓட விடும் எஸ்.ஜே.எஃப். கணக்கு ஒன்றில் P1 என்ற வேலை நேரம் 0-இல் வருகிறது, பர்ஸ்ட், அதாவது ஓடத் தேவையான நேரம், 8. P2 நேரம் 1-இல் வருகிறது, பர்ஸ்ட் 4. சின்ன வேலை என்று P2-ஐ 0-இலேயே ஓட விட்டிருக்கிறார்கள், அது இன்னும் வரவே இல்லை! தொடங்கிய நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்தால் காத்திருப்பு -1 வருகிறது. அதை 0 என்று எழுதி மூடிவிட்டார்கள்.

மையத்துக்குப் போன் செய்தேன். "ஆன்சர் கீ செக் பண்ணதுதான், பணம் திரும்பத் தர மாட்டோம்" என்றார்கள். அட்டவணையைப் போட்டு அனுப்பினேன், பதில் இல்லை. இப்படி நோட்ஸ் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் மாதிரிப் பக்கம் கேளுங்கள். மேலே உள்ள வரிசைக்கு நான்கு ஃபிரேம் ஃபைஃபோவில் 10 வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.