மழை நேரத்துக் கூடுதல்: மடங்கா, நேரப் பட்டியலா, நிலையான தொகையா?

சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மழை பிடித்தால் கேப் கிடைக்காது. கிடைத்தாலும் ஓட்டுநர் போன் போட்டு, "எங்க சார் போகணும்?" என்று கேட்பார். பக்கத்தில்தான் என்றால் பெரும்பாலும் கேன்சல். அவர் அப்படிக் கேட்பதற்குக் கூடுதல் வாடகையைக் கணக்கிடும் முறையும் ஒரு காரணம்.

செயலிகளில் பழக்கமானது மடங்கு முறை. வழக்கமான வாடகையை 1.5 ஆலோ 1.8 ஆலோ பெருக்கிவிடுவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 கிலோமீட்டர் சவாரிக்கு 80 ரூபாய், 15 கிலோமீட்டருக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். மழை நெரிசலில் முதலாவதற்கு 25 நிமிடம், இரண்டாவதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. ஒன்றரை மடங்கு போட்டால் வாடகை 120, 450 ஆகிறது. நிமிடத்துக்குப் பார்த்தால் குட்டிச் சவாரியில் 4 ரூபாய் 80 காசு, நீண்ட சவாரியில் 7 ரூபாய் 50 காசு. ஓட்டுநர் எதை எடுப்பார்? ஏற்றிய விலை வண்டியை வரவழைக்கிறது, ஆனால் அதே விலை குட்டிச் சவாரிக்காரரைத் தெருவில் நிறுத்திவிடுகிறது. நீண்ட தூரம் போகிறவருக்கோ வேறு குறை. வண்டித் தட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்றுதான், ஒருவருக்கு 40 ரூபாய் கூடுகிறது, தனக்கு மட்டும் ஏன் 150?

இதற்கு மாற்று, தூரம் எதுவானாலும் ஒரே தொகையைக் கூட்டுவது. அதே இரண்டு சவாரிக்கும் 80 ரூபாய் சேர்த்தால் 160, 380. நிமிடக் கணக்கில் 6 ரூபாய் 40 காசும், 6 ரூபாய் 33 காசும். ஏறக்குறைய சமம். எங்கே போகணும் என்று கேட்க ஓட்டுநருக்குக் காரணமே இல்லை. ஊபர் நிறுவனமும் பின்னாளில் பல இடங்களில் ஓட்டுநருக்குத் தரும் கூடுதலை மடங்கிலிருந்து தொகைக்கு மாற்றியது.

குறை இல்லாமல் இல்லை. 80 ரூபாய்ச் சவாரி 160 ஆகும்போது அது நேர் இரட்டிப்பு. மத்திய அரசின் வழிகாட்டுதல் செயலி நிறுவனங்களுக்கு 2020இல் அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கை உச்சமாக வைத்தது, 2025இல் அதை இரண்டு மடங்காக உயர்த்தியது. ஆக நம் கணக்கில் 80 ரூபாய்தான் கடைசி எல்லை, 90 போட்டால் குட்டிச் சவாரி வரம்பைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, நேரப் பட்டியல். சிங்கப்பூர் டாக்சிகளில் மீட்டருக்கு மேல் காலை, மாலை நெரிசல் நேரத்தில் 25 சதவீதம், நள்ளிரவுக்குப் பிறகு 50 சதவீதம் என்பது ஊரறிந்த வழக்கம். தமிழ்நாடு 2013இல் ஆட்டோவுக்கு மீட்டர் கட்டணம் நிர்ணயித்தபோதும் இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரைப் பங்கு என்றது. (மீட்டர் போட்டால்தானே என்கிறீர்களா, அது தனிக்கதை.) விளக்குவதற்கு இதைவிட எளிது எதுவும் இல்லை, வண்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் போதும். ஆனால் மழை கடிகாரம் பார்த்துப் பெய்வதில்லை. மதியம் மூன்று மணிக்குக் கொட்டினால் பட்டியல் கைகொடுக்காது.

பத்து, பதினைந்து வண்டி வைத்து கால் டாக்சி நடத்துகிறவர் என்றால் என் யோசனை இது: அன்றாட நெரிசலுக்கும் முகூர்த்த நாளுக்கும் முன்கூட்டியே அறிவித்த பட்டியல். மழைக்கு மட்டும் நிலையான தொகை. மடங்கு வேண்டாம், போனில் அதை விளக்கி முடிப்பதற்குள் வாடிக்கையாளர் வைத்துவிடுவார்.

விளக்கும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. "தேவை அதிகரித்துள்ளதால் கட்டணம் உயர்ந்துள்ளது" என்ற வரியைப் படிப்பவருக்கு, "உனக்குத் தேவை, அதனால் கறக்கிறோம்" என்றுதான் கேட்கும். அதற்குப் பதிலாக, "வழக்கமா 300 ரூபாய்ங்க. மழைக்கு 80 சேர்த்து 380. அந்த 80 முழுசா டிரைவருக்குத்தான். அவசரம் இல்லைன்னா மழை விட்டதும் கூப்பிடுங்க, பழைய ரேட்டுதான்" என்று புக் செய்வதற்கு முன்பே சொல்லலாம். அந்த 80 உண்மையிலேயே ஓட்டுநருக்குப் போனால் மட்டும். போகாவிட்டால் அடுத்த சவாரியிலேயே ஓட்டுநர் வாயால் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நிறுத்தும் பொத்தான். 2014 டிசம்பரில் சிட்னி நகரில் ஓர் ஆயுததாரி காபிக் கடையில் ஆட்களைப் பிணை பிடித்தபோது, மக்கள் நகர மையத்திலிருந்து வெளியேற வண்டி தேட, ஊபரின் விலை தானாக ஏறியது. கண்டனம் கிளம்பிய பிறகு பணத்தைத் திருப்பித் தந்தார்கள். வெள்ளமோ விபத்தோ வந்தால் கூடுதலை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்கள் அலுவலகத்தில் யாருக்கு, ராத்திரி ஷிப்டில் இருப்பவருக்கும் உண்டா என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.